எந்தச் சில காரணங்களால் அதிகப் புகார் வருகிறது? குவிவு சதவீதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு காரணத்துக்கும் சதவீதம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறோம். குவிவு சதவீதம் எதற்கு?

"உடைந்து வந்தது 25%" என்ற வரி அந்த ஒரு காரணத்தின் பங்கை மட்டும் சொல்லும். எத்தனை காரணங்களைக் கையில் எடுத்தால் புகாரில் பெரும்பகுதி அடங்கும் என்பது அதிலிருந்து தெரியாது. அதற்காகத்தான் காரணங்களைப் பெரியதிலிருந்து சிறியதுவரை இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே வருகிறோம். மூன்றாவது வரியில் 75% என்று நின்றால், முதல் மூன்று காரணங்களும் இல்லாமல் இருந்திருந்தால் நூற்றில் எழுபத்தைந்து புகார்கள் வந்தே இருக்காது என்று பொருள்.

அடுக்காமல் கூட்டினால் இந்தப் பொருள் கிடைக்காது. அகர வரிசையிலோ, படிவத்தில் அச்சிட்ட வரிசையிலோ வைத்துக் கூட்டினாலும் கடைசியில் 100% வரும். ஆனால் நடுவில் வரும் எண் எதையும் சொல்லாது. தவறாகப் போட்ட குவிவு அட்டவணைகளில் அதிகம் தென்படும் பிழை இதுதான்.

ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

இணையத்தில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். இது கணக்கைக் காட்டுவதற்காக அமைத்த உதாரணம். எட்டு வாரங்களில் 8,000 ஆர்டர்கள், அவற்றில் 320 புகார்கள். காரணவாரியாகப் பிரித்து அடுக்கினால் இப்படி வருகிறது:

| காரணம் | எண்ணிக்கை | குவிவு எண்ணிக்கை | குவிவு சதவீதம் |
|---|---|---|---|
| தாமதமாக வந்தது | 112 | 112 | 35.0 |
| உடைந்து வந்தது | 80 | 192 | 60.0 |
| வேறு பொருள் வந்தது | 48 | 240 | 75.0 |
| பணம் திரும்ப வரவில்லை | 28 | 268 | 83.8 |
| பில்லில் தவறு | 18 | 286 | 89.4 |
| போனை யாரும் எடுக்கவில்லை | 14 | 300 | 93.8 |
| பாகம் குறைவாக இருந்தது | 8 | 308 | 96.3 |
| மற்றவை | 12 | 320 | 100.0 |

மூன்றாவது நெடுவரிசை ஓடும் கூட்டல்: 112, அதோடு 80 சேர்த்து 192, அதோடு 48 சேர்த்து 240. நான்காவது, அந்த ஓடும் கூட்டலை மொத்தமான 320 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கியது. 240 ÷ 320 × 100 = 75. கணக்கு அவ்வளவுதான். இனி வரும் பதில்களிலும் இதே அட்டவணையைத்தான் பயன்படுத்துகிறோம்.

கடைசி வரியில் 100.0 வராவிட்டால் எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அல்லது வகுக்கும் எண் வேறாக இருக்கிறது. முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

எனக்குக் கடைசியில் 100.1 வருகிறது, சில சமயம் 101 வருகிறது. எங்கே பிசகுகிறது?

தனித்தனிச் சதவீதங்களை முழுமையாக்கிவிட்டு, முழுமையாக்கிய எண்களைக் கூட்டுகிறீர்கள். மேலே உள்ள எட்டுக் காரணங்களையும் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 35.0, 25.0, 15.0, 8.8, 5.6, 4.4, 2.5, 3.8 என்று வரும். கூட்டினால் 100.1. தசமமே இல்லாமல் முழு எண்ணாக்கினால் கூட்டல் 101 ஆகிவிடும். எண்ணிக்கைகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வகுத்து, காட்டும்போது மட்டும் முழுமையாக்கினால் இந்தத் தொல்லை வராது.

80% என்ற கோடு எனக்கு எங்கும் சரியாக விழவில்லை. 75-ல் நிறுத்துவதா, 83.8 வரை போவதா?

"20% காரணங்களால் 80% புகார் வருகிறது" என்று பொதுவாகச் சொல்வதிலிருந்து வந்தது இந்தக் கோடு. ஆனால் 80 என்பது எந்த விதியும் இல்லை. இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோ 19-ம் நூற்றாண்டின் இறுதியில் செல்வம் மக்களிடையே எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு பரவியிருக்கிறது என்பதை ஆராய்ந்தார். தரக் கட்டுப்பாட்டில் இதே போன்ற ஏற்றத்தாழ்வைக் கவனித்து, 20-ம் நூற்றாண்டின் நடுவில் அதற்குப் பரேட்டோவின் பெயரை வைத்தவர் ஜோசப் ஜுரான். குவிவு வளைகோட்டை வரைந்து காட்டும் முறை பொருளியலாளர் மாக்ஸ் லோரன்ஸ் 1905-ல் பயன்படுத்தியது என்பதையும், பெயர் சூட்டியதில் தான் பிசகியதையும் ஜுரானே பின்னாளில் எழுதியிருக்கிறார். 80 என்பதும் 20 என்பதும் கூடி நூறாவது தற்செயல்தான். ஒன்று புகார்களின் பங்கு, மற்றது காரணங்களின் பங்கு. 15% காரணங்களால் 70% புகார் வரலாம், 30% காரணங்களால் 90% வரலாம். இரண்டும் கூடி நூறாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஆகவே 80-ஐத் தேடாமல், எண்ணிக்கை எங்கே சட்டென்று சரிகிறது என்று பாருங்கள். உதாரணத்தில் மூன்றாவது காரணம் 48, நான்காவது 28. அதற்குப் பிறகு 18, 14, 8 என்று மெல்ல இறங்குகிறது. வளைகோடாக வரைந்தால் மூன்றாவது புள்ளிக்குப் பிறகு கோடு படுத்துவிடுவது கண்ணுக்கே தெரியும். அங்கே வெட்டுங்கள். 75%-ல் நிறுத்துகிறோம், அது போதும். 80-ஐத் தொடவேண்டும் என்பதற்காக "பணம் திரும்ப வரவில்லை" என்பதையும் இழுத்துச் சேர்த்தால், பணிக்குழு மூன்று வேலைக்குப் பதில் நான்கு வேலை எடுத்துக்கொள்ளும். கிடைப்பது இன்னும் 8.8% மட்டுமே.

இரண்டு காரணங்கள் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் இருக்கின்றன. எது மேலே, எது கீழே என்று எப்படி நம்புவது?

புகார்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் தானாகவே கொஞ்சம் ஏறி இறங்கும். அடிப்படையில் எதுவும் மாறாவிட்டாலும் இந்த முறை 18 என்று வந்தது அடுத்த முறை 13 என்று வரலாம். வரிசையில் தெரியும் வித்தியாசம் அந்த ஆட்டத்தைவிடப் பெரியதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை, அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். விடை 2-க்கு மேல் இருந்தால் வித்தியாசத்தை நம்பலாம். 2-க்குக் கீழே என்றால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு காரணங்கள்: 112 − 80 = 32. கூட்டுத்தொகை 192, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 13.9. 32 ÷ 13.9 = 2.3. நம்பலாம். வெட்டிய இடத்தில் 48-க்கும் 28-க்கும் செய்தால் 20 ÷ 8.7, அதுவும் 2.3. ஆகவே அந்த இடைவெளி உண்மையானது, வெட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் "பில்லில் தவறு" 18, "போனை யாரும் எடுக்கவில்லை" 14: 4 ÷ 5.7 = 0.7. இந்த இரண்டில் எது ஐந்தாவது, எது ஆறாவது என்று கூட்டத்தில் வாதிடுவது வீண் வேலை.

இது தோராயமான சோதனை. ஒவ்வொரு புகாரும் தனித்தனியாக நிகழ்ந்தது என்ற அனுமானம் இதற்கு அடியில் இருக்கிறது. ஒரே லாரி கவிழ்ந்து நாற்பது பெட்டிகள் ஒன்றாக உடைந்திருந்தால் அந்த அனுமானம் நிற்காது. அவை நாற்பது நிகழ்வுகள் இல்லை, ஒரே நிகழ்வு.

காரணங்களை எப்படிப் பிரிப்பது? எத்தனை வகை வைத்துக்கொள்ளலாம்?

இந்த வேலையில் அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இது. கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும், வகைகள் தவறாக இருந்தால் சரியான கணக்கு தவறான இடத்தைக் காட்டும். ஒரு பெரிய வகையை நான்காக உடைத்தால் அது பட்டியலில் கீழே இறங்கிவிடும், நான்கு சிறிய வகைகளை ஒன்றாகச் சேர்த்தால் அது முதலிடத்துக்கு ஏறிவிடும். "தாமதம்" என்பதை "ஒரு நாள் தாமதம்", "இரண்டு நாள் தாமதம்", "ஒரு வாரத்துக்கு மேல்" என்று பிரித்துவிட்டால், "உடைந்து வந்தது" தானாகவே முதலிடத்துக்கு வரும். புகார்களில் எந்த மாற்றமும் நடந்திருக்காது, பிரித்த விதம் மட்டுமே மாறியிருக்கும்.

எனவே எல்லா வகைகளும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். வாடிக்கையாளர் சொன்ன அறிகுறிகளையும், உள்ளே நடந்த காரணங்களையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. "உடைந்து வந்தது" அறிகுறி. "பெட்டிக்குள் பஞ்சு வைக்கவில்லை" காரணம். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தால், ஒரே புகாரை ஒரு பணியாளர் முதலாவதிலும் இன்னொருவர் இரண்டாவதிலும் குறிப்பார். இரண்டு எண்களும் பாதியாகிவிடும், இரண்டுமே முக்கியமில்லாதவை போலத் தோன்றும்.

முதல் சுற்றில் வாடிக்கையாளர் சொன்னதை வைத்தே பிரியுங்கள். அதுதான் எல்லாப் புகாருக்கும் கையில் இருக்கும் தகவல். ஆறிலிருந்து பத்து வகைகள் போதும். அதற்கு மேல் போனால் குறிப்பவர்கள் குழம்புவார்கள், வால் நீண்டுகொண்டே போகும். பிறகு முதலிடத்தில் இருப்பதை மட்டும் எடுத்து, அதன் உள்ளே இரண்டாவது சுற்று நடத்துங்கள். இந்தச் சுற்றில்தான் அறிகுறியிலிருந்து காரணத்துக்கு இறங்குகிறோம்.

தாமதமான 112 ஆர்டர்களின் அனுப்புதல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தக் கட்டத்தில் நேரம் போனது என்று குறித்ததாக வைத்துக்கொள்வோம். கிடங்கிலிருந்தே தாமதமாகக் கிளம்பியவை 67, விநியோக மையத்தில் தேங்கியவை 24, முகவரியில் பிழை 13, வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பியவை 8. குவிவு சதவீதம் 59.8, 81.3, 92.9, 100. இப்போது "தாமதம்" என்ற மொட்டைச் சொல்லுக்குப் பதில் "கிடங்கிலிருந்து கிளம்புவதில் தாமதம்" என்று ஒரு குறிப்பிட்ட இடம் கிடைத்துவிட்டது. மொத்தப் புகாரில் அது மட்டுமே 67 ÷ 320, அதாவது 20.9%. விநியோக நிறுவனத்தை மாற்றலாம் என்று யாராவது முடிவெடுக்கப் போயிருந்தால், அந்த முடிவு தாமதத்தில் அதிகபட்சம் 24-ஐத்தான் தொட்டிருக்கும்.

பெரும்பாலும் இரண்டு சுற்றுகள் போதும். மூன்றாவது சுற்றில் எண்ணிக்கை இருபது, பத்து என்று குறுகிவிடும், அப்போது எண்ணுவதைவிட நேரில் போய்ப் பார்ப்பதே அதிகம் சொல்லித்தரும்.

ஒரே ஆள் நாலு தடவை போன் செய்தால் நாலு புகாரா? ஒரே புகாரில் இரண்டு குறை சொன்னால்?

எண்ணத் தொடங்குமுன் அலகை முடிவு செய்துவிடுங்கள். "ஓர் ஆர்டர், ஒரு குறை, ஒரு முறை" என்பது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். தாமதத்துக்காக ஒருவர் நான்கு முறை அழைத்தால் அது ஒரே புகார். அழைப்புகளை எண்ணினால், காத்திருக்க வைக்கும் குறைகள் எல்லாம் ஊதிப் பெரிதாகும். தாமதமும், பணம் திரும்ப வராததும் அந்த வகை. உடைந்த பொருளுக்கு ஒருவர் பெரும்பாலும் ஒரு முறைதான் அழைப்பார், ஆகவே அது சிறியதாகத் தெரியும். ஆர்டர் எண்ணையும் குறையையும் சேர்த்து வைத்து, இரட்டிப்புப் பதிவுகளை நீக்கிவிட்டால் சரியாகிவிடும்.

தாமதமாகவும் வந்து உடைந்தும் இருந்தால் இரண்டு குறைகளையும் குறியுங்கள். அப்போது மொத்தம் என்பது புகார்களின் எண்ணிக்கை இல்லை, குறைகளின் எண்ணிக்கை. வகுக்கும் எண்ணும் அதுவே ஆகவேண்டும். 300 ஆர்டர்களில் 320 குறைகள் என்றால் 320 ஆல் வகுக்கவேண்டும். 300 ஆல் வகுத்தால் கடைசி வரி 106.7%-ல் போய் நிற்கும். அட்டவணையின் தலைப்பிலேயே "குறைகள்: 320, ஆர்டர்கள்: 300" என்று எழுதிவிட்டால் படிப்பவருக்கும் குழப்பம் இருக்காது.

"மற்றவை" என்பது மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. அப்படியே விடலாமா?

கூடாது. "மற்றவை" எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கடைசியில்தான் வைக்கவேண்டும், ஏனென்றால் அது காரணமே இல்லை, அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. நம் அட்டவணையில் அது 12, "பாகம் குறைவு" என்பதைவிட அதிகம், இருந்தும் கடைசியில் இருக்கிறது. மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வகைகள் சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் புகார்களை ஒவ்வொன்றாகப் படித்தால், பெயர் வைக்கப்படாத ஒரு காரணம் உள்ளே இருக்கும், அல்லது சரியான வகை இருந்தும் அவசரத்தில் பணியாளர்கள் "மற்றவை"யைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். படிவத்தின் பட்டியலில் "மற்றவை" முதல் வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளி, அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வரி விளக்கம் கட்டாயம் என்று வையுங்கள்.

எண்ணிக்கையை வைத்து அடுக்குவதா, பாதிப்பை வைத்தா?

இரண்டையும் போட்டுப் பாருங்கள். வரிசை மாறினால் அதுவே முக்கியமான தகவல். ஒவ்வொரு புகாரையும் முடித்துவைக்கப் பணியாளருக்கு ஆகும் நேரத்தை எடையாக வைத்துப் பார்ப்போம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நிலவரம் சொல்ல 10 நிமிடம். உடைந்ததற்குப் படம் வாங்கி, திரும்ப எடுக்க ஏற்பாடு செய்து, மாற்றுப் பொருள் அனுப்ப 40 நிமிடம். வேறு பொருள் வந்ததற்கு 45 நிமிடம். பணம் திரும்ப வராததற்கு 30, பில் தவறுக்கு 20, போன் எடுக்காததற்கு 5, பாகம் குறைவுக்கு 50, மற்றவைக்கு 15.

எண்ணிக்கையை நிமிடத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 8,330 நிமிடங்கள். இப்போது முதலிடத்தில் "உடைந்து வந்தது", 80 × 40 = 3,200 நிமிடங்கள், 38.4%. அடுத்து "வேறு பொருள்", 2,160 நிமிடங்கள், குவிவு 64.3%. முதலிடத்தில் இருந்த "தாமதம்" 1,120 நிமிடங்களோடு மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டது, குவிவு 77.8%.

இதில் எந்த வரிசையைப் பின்பற்றுவது? நோக்கத்தைப் பொறுத்தது. வாடிக்கையாளர்கள் படும் அவதியைக் குறைக்கவேண்டும் என்றால் எண்ணிக்கை வரிசை, உள்ளே போகும் உழைப்பைக் குறைக்கவேண்டும் என்றால் நேர வரிசை. எங்கள் பரிந்துரை: இரண்டிலும் முதல் மூன்றில் வரும் காரணங்களில், நேர வரிசையில் மேலே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். இங்கே அது "உடைந்து வந்தது". புகாரில் கால்பங்கு, உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

எடைக்கு "தீவிரம் 1 முதல் 5 வரை" என்று மனதில் தோன்றும் மதிப்பெண் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். 4-ஐ 5 ஆக்கினாலே வரிசை புரண்டுவிடும், அது நியாயம்தானா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. நிமிடம், திரும்ப வந்த பொருள்களின் எண்ணிக்கை, கொடுத்த நட்ட ஈடு என்று அளக்கக்கூடிய ஒன்றை எடையாக வையுங்கள்.

எங்கள் வளைகோடு கிட்டத்தட்ட நேர்க்கோடாக இருக்கிறது. எல்லாக் காரணமும் ஒரே அளவு. இப்போது என்ன செய்வது?

எட்டு வகைகளும் ஆளுக்கு ஏறத்தாழ 12.5% சுமக்கின்றன என்றால், இந்தப் பிரிப்பில் "முக்கியமான சில" இல்லை. சில சமயம் அதுதான் உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் அதே புகார்களை வேறு கோணத்தில் வெட்டிப் பாருங்கள்: எந்தப் பொருள், எந்த அளவுப் பெட்டி, எந்தக் கிடங்கு, எந்த ஷிப்ட், வாரத்தின் எந்த நாள். காரணவாரியாகத் தட்டையாக இருப்பது பொருள்வாரியாகச் செங்குத்தாக எழுவது உண்டு. ஐம்பது பொருள்களில் நான்கு மட்டும் பாதிப் புகாரைக் கொண்டுவருவது அப்போதுதான் வெளியே வரும்.

இந்த வெட்டில் ஓர் எச்சரிக்கை. அதிகம் விற்கும் பொருளுக்குப் புகாரும் அதிகமாகத்தான் வரும். எனவே பொருள், கிடங்கு, ஷிப்ட் என்று பிரிக்கும்போது எண்ணிக்கையோடு, ஆயிரம் ஆர்டருக்கு எத்தனை புகார் என்ற வீதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் பொருள் வீதத்தில் சராசரியாக இருந்தால், அதன் மேல் குற்றமில்லை.

எந்தக் கோணத்தில் வெட்டினாலும் தட்டையாகவே இருந்தால், எல்லா வகைகளுக்கும் பொதுவாக மேலே ஏதோ ஒன்று இருக்கலாம். பயிற்சி இல்லாத புதுப் பணியாளர்கள், ஆள் பற்றாக்குறை, திடீரென்று இரட்டித்த ஆர்டர்கள் போன்றவை எல்லாக் குறைகளையும் ஒரே சமயத்தில் உயர்த்தும். அதைக் கண்டுபிடிக்க இந்த முறை உதவாது. ஆர்டர் எண்ணிக்கையையும் புகார் வீதத்தையும் வாரவாரியாக ஒரே வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

எத்தனை புகார் சேர்ந்தபிறகு கணக்குப் போடலாம்? எவ்வளவு கால அளவு?

இருபது, முப்பது புகார்களை வைத்துப் போட்டால் முதலிடம் தவிர மற்றதெல்லாம் குலுக்கலில் விழுந்ததுபோல இருக்கும். நூறுக்கு மேல் இருந்தால் மேல்வரிசை ஓரளவு நிலைக்கும். எண்ணிக்கையைவிட முக்கியம், காலத்தைத் துண்டாக்கிப் பார்ப்பது. எட்டு வாரத் தரவை இரண்டிரண்டு வாரங்களாக நான்கு துண்டாக்குங்கள். நான்கிலும் அதே மூன்று காரணங்கள் மேலே இருந்தால் துணிந்து வேலையைத் தொடங்கலாம். 112 தாமதங்களில் 80 ஒரே வாரத்தில் விழுந்திருந்தால், அந்த வாரத்தில் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வாரத்தைத் தனியே விசாரித்து, மீதி ஏழு வாரங்களுக்கு மறுபடியும் கணக்குப் போடுங்கள்.

எக்செலில் எப்படிச் செய்வது?

புகார்ப் பட்டியல் `Sheet1`-ல் இருக்கட்டும், காரணம் அதன் C நெடுவரிசையில், 2-வது வரியிலிருந்து 321-வது வரிவரை. இன்னொரு ஷீட்டில் A நெடுவரிசையில் காரணங்களை எழுதி, B-யில் எண்ணுங்கள்:

```
=COUNTIF(Sheet1!$C$2:$C$321,A2)
```

எட்டு வரிக்கும் இழுத்தபிறகு, B-யின் கூட்டுத்தொகை 320 வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால், பட்டியலில் எழுத்துப்பிழையோ, சொல்லுக்குப் பின்னால் கூடுதல் இடைவெளியோ இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் "தாமதம்" இரண்டும் எக்செலுக்கு வேறு வேறு. `Data Validation` மூலம் தேர்வுப்பட்டியல் வைத்துவிட்டால் இனிமேல் இது நேராது.

B-யை நகலெடுத்து `Paste Values` மூலம் வெறும் எண்களாக ஒட்டி, "மற்றவை" நீங்கலாகப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, "மற்றவை"யைக் கடைசி வரியில் வையுங்கள். பிறகு C2-விலும் D2-விலும்:

```
=SUM($B$2:B2)
=C2/SUM($B$2:$B$9)
```

இரண்டையும் 9-வது வரிவரை இழுத்து, D-யைச் சதவீத வடிவத்துக்கு மாற்றுங்கள். `$` குறி விடுபட்டால் இழுக்கும்போது வரம்பு நகர்ந்துவிடும். D9-ல் 100% வராவிட்டால் முதலில் அந்தக் குறியைத்தான் தேடவேண்டும்.

எக்செல் 2016-லிருந்து `Pareto` என்ற ஆயத்த வரைபடம் இருக்கிறது. விரைவாகப் பார்க்க அது போதும். ஆனால் எல்லாவற்றையும் அதுவே அடுக்கிவிடும், "மற்றவை"யையும் சேர்த்து. அதனால் அறிக்கைக்கு `Combo` வரைபடம் நல்லது: எண்ணிக்கை பட்டையாக, குவிவு சதவீதம் கோடாக, கோட்டுக்கு `Secondary Axis`. இடது அச்சின் உச்சத்தை 320 என்றும், வலது அச்சின் உச்சத்தை 100% என்றும் நீங்களே பூட்டிவிடுங்கள். அப்போதுதான் கோட்டின் முதல் புள்ளி முதல் பட்டையின் உயரத்திலேயே தொடங்கும். பூட்டாவிட்டால் இடது அச்சு 120-லேயே முடிந்து, முதல் பட்டை உச்சியைத் தொட்டு நின்று, 35% என்பது ஏதோ எல்லாமே அதுதான் என்பதுபோலத் தோற்றம் தரும்.

உடைவதைச் சரிசெய்தோம். இப்போது தாமதத்தின் சதவீதம் ஏறிவிட்டது. நிலைமை மோசமாகிவிட்டதா?

இல்லை. மொத்தம் சுருங்கியதால் பங்கு ஏறியிருக்கிறது. அடுத்த எட்டு வாரங்களிலும் 8,000 ஆர்டர்கள், உடைந்தவை 80-லிருந்து 16 ஆகக் குறைந்தன, மற்றவை எதுவும் மாறவில்லை என்று வையுங்கள். மொத்தம் 256. தாமதம் அதே 112-தான், ஆனால் 112 ÷ 256 = 43.8%. முன்பு 35.0%. சதவீதத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் கிடங்குப் பணியாளர்களிடம் போய் "ஏன் மோசமாகிவிட்டது?" என்று கேட்பார். அவர்கள் செய்யாத தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முன்னும் பின்னும் ஒப்பிடும்போது, ஆயிரம் ஆர்டருக்கு எத்தனை என்ற வீதத்தை வையுங்கள். மொத்தப் புகார் ஆயிரத்துக்கு 40-லிருந்து 32 ஆனது, உடைந்தவை 10-லிருந்து 2 ஆனது, தாமதம் 14-லேயே நிற்கிறது. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதாக இருந்தால், இரண்டுக்கும் இடது அச்சின் உச்சம் ஒன்றாக, அதாவது 320 ஆக இருக்கட்டும். அப்போது இரண்டாவது படம் மொத்தமாகவே குட்டையாகத் தெரியும்.

ஒரே ஒரு புகார்தான், ஆனால் பொருளைத் தொட்டவருக்கு மின்சாரம் தாக்கியிருக்கிறது. அட்டவணையில் அது கடைசியில் போய்விடுகிறதே?

அதை இந்த அட்டவணையில் வைக்கவே வேண்டாம். எத்தனை முறை நடந்தது என்பதை அளவுகோலாகக் கொண்ட முறை இது, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தானதை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. மின்சாரத் தாக்குதல், தீ, காயம், ஒவ்வாமை, வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல் கசிவு போன்றவற்றுக்கு முன்கூட்டியே ஒரு தனிப் பட்டியல் எழுதிவையுங்கள். புகாரைப் பதிவு செய்பவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த உடனே, பொறுப்பானவருக்கு அன்றைக்கே தகவல் போகவேண்டும், அந்தத் தொகுதிப் பொருள்களின் விற்பனையை நிறுத்துவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். இதற்காக எட்டு வாரம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. அட்டவணைக்குக் கீழே "தனியாகக் கையாளப்பட்டவை: 1" என்று ஒரு வரி எழுதிவிட்டால், மொத்தத்தைச் சரிபார்ப்பவருக்குக் கணக்கும் ஒத்துவரும்.